படிக்க ஒன்றுமில்லாத புத்தகங்கள்

பால் கணக்கு நோட்டு பார்த்திருப்பீர்கள். தேதி, காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று கோடு போட்ட கட்டங்கள், அவ்வளவுதான். அதில் படிக்க ஒன்றும் கிடையாது. ஆனாலும் அது விற்கிறது. ஏனென்றால் வாங்குகிறவர் படிப்பதற்காக அதை வாங்கவில்லை, எழுதுவதற்காக வாங்குகிறார். இந்த வகைப் புத்தகங்களுக்கு இணையப் பதிப்புத் துறையில் லோ கன்டென்ட் புத்தகம் என்று பெயர். தினக்குறிப்பு, ரத்த அழுத்தப் பதிவேடு, தோட்டக் குறிப்பேடு எல்லாம் இதில் அடங்கும். புதிர்ப் புத்தகத்தையும் வண்ணம் தீட்டும் புத்தகத்தையும் பேச்சுவழக்கில் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் அவற்றில் உள்ளடக்கம் கொஞ்சம் கூடுதல். இந்த வேறுபாடு பின்னால் ஓரிடத்தில் வேலைக்கு வரும்.

இவற்றில் பல, அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாக கே.டி.பி., என்ற பதிப்புத் தளத்தின் வழியாக வெளிவருகின்றன. நீங்கள் உள்பக்கங்களுக்கு ஒரு பி.டி.எஃப்., அட்டைக்கு ஒரு பி.டி.எஃப். கொடுத்தால் போதும். ஒருவர் ஆர்டர் போட்ட பிறகுதான் ஒரு பிரதி அச்சாகும். ஆயிரம் பிரதி அடித்துப் பரணில் ஏற்றிவைக்கும் தொல்லை இல்லை. ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இங்கிருந்தபடி கணக்கு தொடங்கலாம், ஆனால் அச்சுப் புத்தகம் விற்பது அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில்தான். கே.டி.பி. அச்சிடும் சந்தைகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆகவே நாம் பார்க்காத ஊரில், நாம் பார்க்காத ஒருவர் கையில் பென்சிலோடு உட்காரப் போகிறார். அவர் யார் என்று முடிவு செய்துவிட்டால் உள்பக்கம், அட்டை, தேடுசொல் மூன்றிலும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நான் செய்த ஒரு புத்தகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தோட்டக்கலையைப் பற்றிய ஆங்கிலச் சொல் தேடல் புத்தகம். எழுத்துக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் சொற்களைத் தேடி வட்டமிடும் விளையாட்டு. பென்சில் பிடிப்பவர் எழுபது வயது தாண்டிய அமெரிக்கப் பாட்டி. பணம் கொடுப்பவர் பெரும்பாலும் பாட்டி இல்லை, அவருடைய மகளோ பேத்தியோ. வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்கள் புத்தகத்தைச் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் தேடுசொல்லை யோசிப்பார்கள். நான் அப்படித்தான் முதல் நான்கு புத்தகங்களைச் செய்தேன். நான்கையும் யாரும் தேடவில்லை. தேடுசொல்லில் இருந்துதான் தொடங்க வேண்டும். அதற்குக் காசு கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. உலாவியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து `amazon.com` போங்கள். டெலிவரி முகவரியாக ஏதாவது ஓர் அமெரிக்க அஞ்சல் குறியீட்டைக் கொடுங்கள், இல்லையென்றால் இங்கே அனுப்ப முடிகிற பொருட்களை வைத்தே விடை காட்டும். பிறகு தேடல் பெட்டியில் `word search for` என்று மட்டும் தட்டிவிட்டு நிறுத்துங்கள். கீழே விரிகிற பட்டியல் மக்கள் உண்மையில் தட்டிய சொற்களிலிருந்து வருவது. அடுத்து `word search for a`, `word search for b` என்று ஒவ்வொரு எழுத்தாகப் போய்ப் பார்க்கலாம். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

ஒரு சொல்லை மக்கள் தேடுகிறார்கள் என்பது மட்டும் போதாது. அதை அடித்தால் முதல் பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். வெறும் `word search` என்று அடித்தால் பல்லாயிரம் விமர்சனங்களோடு பெரிய புத்தகங்கள் வந்து நிற்கும். அங்கே நம்மால் நுழைய முடியாது. `large print gardening word search` என்று குறுக்கினால் காட்சி மாறும். ஒவ்வொரு புத்தகத்தின் பக்கத்திலும் கீழே `Best Sellers Rank` என்று ஓர் எண் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் விற்பனை அதிகம். பதிப்பாளர் இடத்தில் `Independently published` என்றிருந்தால் அது நம்மைப் போன்ற ஒருவர் செய்தது. விமர்சனம் அதிகமில்லாத, நம்மைப் போன்றவர் போட்ட புத்தகம் இரண்டு மூன்றாவது நல்ல தரவரிசையில் இருந்தால் அந்த இடத்தில் கால் ஊன்றலாம். எல்லாப் புத்தகத்தின் எண்ணும் பல லட்சத்தில் இருந்தால் போட்டி இல்லை என்று மகிழாதீர்கள். அங்கே வாங்குபவரும் இல்லை.

சரி, உள்பக்கத்துக்கு வருவோம். இந்தத் தொழிலில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

பாட்டிக்குக் கண் மங்கல், கையிலும் லேசான நடுக்கம் இருக்கலாம். அதனால் பக்கம் பெரியதாக இருக்க வேண்டும். அகலம் 8.5 அங்குலம், உயரம் 11 அங்குலம். 24 முதல் 150 பக்கம் வரையுள்ள புத்தகத்துக்கு உள் ஓரம், அதாவது முதுகை ஒட்டிய பக்கம் விட வேண்டிய இடம், குறைந்தது 0.375 அங்குலம் என்று கே.டி.பி. கேட்கிறது. அது அச்சு இயந்திரத்துக்குப் போதும், எழுதுகிறவர் கைக்குப் போதாது. இந்தப் புத்தகங்கள் பசை ஒட்டிய முதுகு கொண்டவை, மேசையில் தட்டையாக விரியாது. உள் ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தை வட்டமிடப் புத்தகத்தை மடக்கி அழுத்த வேண்டியிருக்கும். அதனால் நான் உள் ஓரத்தை 0.75 ஆக வைத்தேன், வெளி ஓரத்தை 0.5. மீதி 7.25 அங்குலம் கட்டத்துக்கு. அதில் 15 கிடைவரிசை, 15 நெடுவரிசை போட்டால் ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் வரும். எழுத்தின் அளவு 22 புள்ளி. கீழே மூன்று பத்தியாகச் சொற்பட்டியல், அதுவும் 16 புள்ளிக்குக் குறையாமல். `Large print` என்று குறிக்க வேண்டுமென்றால் 16 புள்ளிதான் கீழ் எல்லை. கட்டத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டுச் சொற்பட்டியலைப் பொடி எழுத்தில் திணிக்கிற புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் ஒரு நட்சத்திர விமர்சனங்களைப் படித்தாலே நாம் என்ன செய்யக் கூடாது என்பது தெரிந்துவிடும்.

சொற்களை வைக்கும் திசை அடுத்த விஷயம். சொல் தேடலில் எட்டுத் திசை சாத்தியம்: இடம் வலம், மேல் கீழ், நான்கு மூலைவிட்டங்கள். எல்லாத் திசையும் போட்டால்தான் கெத்து என்று புதிர் செய்பவருக்குத் தோன்றும். பாட்டிக்கு அது எரிச்சல். நான் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வலப்பக்கம் இறங்கும் மூலைவிட்டம் என்று மூன்றே திசையோடு நிறுத்திக்கொண்டேன். தலைகீழாக வாசிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை.

புதிர் உருவாக்க இலவச நிரல்களும் இணையக் கருவிகளும் உண்டு. கருவியின் விதியில், அதன் விளைவை விற்பனைக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எழுத்துருவுக்கும் இதே சோதனை வேண்டும். ஆனால் எந்தக் கருவியும் இரண்டு இடத்தில் காலை வாரும்.

ஒன்று, சொல்லுக்குள் சொல். பட்டியலில் `ROSE` இருக்கிறது, `PRIMROSE` இருக்கிறது. இப்போது கட்டத்தில் `ROSE` இரண்டு இடத்தில் இருக்கும், தனியாக ஒன்று, `PRIMROSE` வயிற்றுக்குள் ஒன்று. பாட்டி உள்ளே இருப்பதை வட்டமிட்டுவிட்டு விடைப் பக்கத்தைப் புரட்டினால் விடை வேறு இடத்தைக் காட்டும். `TUBEROSE` சேர்த்தால் மூன்று ஆகிவிடும். ஒரே புதிரில் இப்படிப்பட்ட சொற்கள் சேராமல் பட்டியலைப் பிரிக்க வேண்டும். அதேபோல் `WATERING CAN` போன்ற இரட்டைச் சொல் கட்டத்தில் இடைவெளி இல்லாமல் 11 எழுத்தாக வரும். பட்டியலில் இடைவெளியோடு அச்சாக வேண்டும், இல்லையென்றால் படிக்கவே சிரமம்.

இரண்டாவது, நிரப்பு எழுத்து. சொற்களை வைத்தபின் காலியான கட்டங்களில் கருவி கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைக் கொட்டும். ஒரு புதிருக்கு 225 கட்டம், 80 புதிருக்கு 18,000 கட்டம். அத்தனை எழுத்தில் தற்செயலாக ஒரு கெட்ட வார்த்தை விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்று, நான்கு எழுத்து ஆங்கில வசைச்சொற்களின் பட்டியலை வைத்து எட்டுத் திசையிலும் தேடிப் பார்க்க வேண்டும். நாம் மூன்று திசைதான் பயன்படுத்தினோம் என்றாலும் வாசிப்பவர் கண் எட்டுத் திசையிலும் போகும். உயிரெழுத்தே இல்லாமல் நிரப்பினால் வசைச்சொல் வராதே என்று ஒருமுறை குறுக்குவழி கண்டேன். வரவில்லைதான். ஆனால் `A`, `E`, `O` இருக்கும் இடமெல்லாம் விடை என்று ஆகிவிட்டது, புதிர் செத்துவிட்டது. இப்போது அந்தந்தப் புதிரின் சொற்களில் இருக்கும் எழுத்துகளையே கலைத்து நிரப்புகிறேன். கண்ணுக்கு இயல்பாக இருக்கிறது, கொஞ்சம் சவாலும் கூடுகிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. தமிழில் சொல் தேடல் செய்யலாமே என்று யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் கட்டத்தில் கொம்பு ஒரு கட்டம், புள்ளி ஒரு கட்டம் என்று சிதறிக் கிடக்கும். கணினிக்கு ‘மி’ என்பது ஓர் எழுத்து இல்லை, ‘ம’வும் ‘ி’யும் தனித்தனிக் குறிகள். பைத்தானில் இப்படிப் பார்க்கலாம்:

```python
import regex
print(list("தமிழ்"))
# ['த', 'ம', 'ி', 'ழ', '்']
print(regex.findall(r"\X", "தமிழ்"))
# ['த', 'மி', 'ழ்']
```

`\X` என்பது கண்ணுக்குத் தெரிகிற முழு எழுத்தாகப் பிரிக்கச் சொல்கிறது. இது பைத்தானோடு வரும் `re` நூலகத்தில் கிடையாது, `regex` என்பதைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். தமிழ்ப் புத்தகத்தை கே.டி.பி.யில் போட நினைத்தால், உழைப்பதற்கு முன்பே அச்சுப் புத்தகத்துக்கான மொழிப் பட்டியலைத் திறந்து தமிழ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மின்னூலுக்கு ஏற்கும் மொழியை அச்சுக்கும் ஏற்பார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

மற்ற இரண்டு வகைகளின் உள்பக்கம் பற்றிச் சுருக்கமாக. குறிப்பேட்டில் உயிர்நாடி கோட்டின் இடைவெளி. அமெரிக்கக் கல்லூரி நோட்டில் கோடுகளுக்கு நடுவே 7.1 மில்லிமீட்டர், சிறுவர் நோட்டில் 8.7. அழகாக இருக்கட்டும் என்று மயிரிழைக் கோடு போட்டால் அச்சில் விட்டு விட்டு வரும். கே.டி.பி. கேட்கும் குறைந்த தடிமன் 0.75 புள்ளி. கோட்டை மெலிதாகக் காட்ட வேண்டுமென்றால் தடிமனைக் குறைக்காதீர்கள், கறுப்பைச் சாம்பலாக்குங்கள், அதையும் பத்து சதவீதத்துக்குக் கீழே விடாதீர்கள். ரத்த அழுத்தப் பதிவேடு போன்றவற்றில் கட்டத்தின் உயரத்தைவிட அகலத்தில்தான் தவறு நடக்கும். `135/85` என்று நடுங்கும் கையால் எழுத எவ்வளவு இடம் வேண்டும் என்று நீங்களே பேனாவால் எழுதிப் பாருங்கள், திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

வண்ணம் தீட்டும் புத்தகத்தில் தாள்தான் சிக்கல். கே.டி.பி.யின் வெள்ளைத் தாள் சாதாரண அச்சுத் தாள்தான், ஸ்கெட்ச் பேனாவின் மை மறுபக்கம் ஊறும். அதனால் ஒரு பக்கம் படம், அதன் பின்பக்கம் காலி என்று விட வேண்டும். ஐம்பது படம் என்றால் நூறு பக்கம். படம் தாளின் விளிம்பு வரை போக வேண்டுமென்றால் கோப்பை பிளீட் என்ற முறையில் செய்ய வேண்டும். வெட்டும்போது விலகினாலும் வெள்ளைக் கீற்று தெரியாமலிருக்க, மேல், கீழ், வெளிப்புறம் மூன்றிலும் 0.125 அங்குலம் கூடுதலாக வரைவது. 8.5 × 11 புத்தகத்தின் ஒரு பக்கம் அப்போது 8.625 × 11.25 ஆகும். படத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. தொடங்குபவருக்கு நான் சொல்வது அதைத்தான்.

நம் சொல் தேடல் புத்தகத்தின் பக்கக் கணக்கு இப்படி வந்தது. தலைப்பு, உரிமை விவரம், விளையாடும் முறை, ஒரு காலிப் பக்கம் என்று நான்கு. பக்கத்துக்கு ஒன்றாக 80 புதிர். விடை என்ற தலைப்புத் தாள் இரண்டு பக்கம். பக்கத்துக்கு நான்கு விடையாக 20 பக்கம். மொத்தம் 106.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. இதை எழுதும்போது உள்ள கட்டணப்படி, அமெரிக்கச் சந்தையில் இந்தப் பெரிய அளவில் கறுப்பு மையில் அச்சிட 24 பக்கம் முதல் 108 பக்கம் வரை ஒரே செலவு, 2.84 டாலர். அறுபது பக்கம் கொடுத்தாலும் 106 பக்கம் கொடுத்தாலும் நமக்குப் பிடித்தம் ஒன்றுதான், வாங்குபவர் கண்ணுக்கோ 80 புதிர் என்பது 40 புதிரைவிடக் கனமான எண். 110ஐத் தொட்டால்தான் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஏறத் தொடங்கும்.

விலையிலும் இதே போல ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2025 ஜூன் முதல், அமெரிக்காவில் 9.99 டாலரும் அதற்கு மேலும் விலை வைத்தால் ராயல்டி 60 சதவீதம், அதற்குக் கீழே வைத்தால் 50 சதவீதம். அந்தத் தொகையிலிருந்துதான் அச்சுச் செலவு கழியும். 9.99 வைத்தால் 5.99 டாலர் வந்து, அதில் 2.84 போய் 3.15 மிஞ்சும். ஒரு டாலர் குறைத்துக் கொடுப்போமே என்று 8.99 வைத்தால் 4.49 வந்து 1.65தான் மிஞ்சும். வாங்குபவருக்கு மிச்சம் ஒரு டாலர், நமக்கு நஷ்டம் ஒன்றரை டாலர். 106 பக்கப் புத்தகத்தை 9.99க்கு விற்க முடியுமா என்ற கேள்விக்கு விடை, தேடலின் முதல் பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் விலையில் இருக்கிறது. எல்லோரும் 6.99இல் நிற்கும் இடத்தில் நாம் 9.99 என்று நின்றால் பேத்தி தாண்டிப் போய்விடுவாள். அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு தலைப்பைத் தேடுவது மேல்.

அட்டைக்குப் போகும் முன் பக்க எண்ணிக்கை முடிவாகிவிட வேண்டும். காரணம் முதுகு. பின்னட்டை, முதுகு, முன்னட்டை மூன்றும் சேர்ந்த ஒரே விரிப்பாகத்தான் கோப்பு கொடுக்க வேண்டும். முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. வெள்ளைத் தாளில் ஒரு பக்கத்துக்கு 0.002252 அங்குலம். 106 பக்கத்துக்கு 0.2387. விரிப்பின் மொத்த அகலத்துக்கு இடது பிளீட் 0.125, பின்னட்டை 8.5, முதுகு 0.2387, முன்னட்டை 8.5, வலது பிளீட் 0.125 எல்லாவற்றையும் கூட்டினால் 17.4887 அங்குலம். உயரம் 11.25. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தெளிவில் 5247 × 3375 பிக்சல். கே.டி.பி.யே பக்க எண்ணிக்கையைக் கொடுத்தால் வார்ப்புரு தருகிறது. அதை எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கணக்கு தெரிந்திருந்தால் எங்கே இடிக்கிறது என்று புரியும், அதற்காகச் சொன்னேன்.

எனக்கு இடித்தது எப்படி என்றால், முதலில் 92 பக்கத்துக்கு அட்டை செய்துவிட்டேன். பிறகு 108 வரை செலவு ஒன்றுதான் என்று தெரிந்து புதிர்களைக் கூட்டினேன். அட்டையைத் தொடவில்லை. 14 பக்கம்தானே என்று நினைப்பு. முதுகு 0.8 மில்லிமீட்டர் தடித்துவிட்டது. முதுகுக்கு நான் கொடுத்திருந்த கரும்பச்சைக்கும் முன்னட்டையின் வெளிர்மஞ்சளுக்கும் நடுவே இருந்த நேர்கோடு, மடிப்பில் உட்காராமல் பக்கவாட்டில் நகர்ந்து நின்றது. தளத்தின் முன்னோட்டத்திலேயே அளவு பொருந்தவில்லை என்று சிவப்பில் காட்டியது. அன்றிலிருந்து முதுகுக்கும் முன்னட்டைக்கும் தனித்தனி நிறம் கொடுப்பதை விட்டுவிட்டேன். அளவு சரியாக இருந்தாலும் மடிக்கும்போது அரை மில்லிமீட்டர் இப்படி அப்படிப் போகத்தான் செய்யும். ஒரே நிறம் சுற்றி வந்தால் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

முதுகில் எழுத்து வேண்டுமென்றால் குறைந்தது 79 பக்கம் வேண்டும், எழுத்தின் இரு பக்கமும் 0.0625 அங்குலம் விட வேண்டும். நம் புத்தகத்தில் அதுபோக மிஞ்சுவது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. பின்னட்டையின் கீழ் வலது மூலையில் 2 × 1.2 அங்குலம் பட்டைக்குறிக்கு விட வேண்டும். அங்கே நீங்கள் அழகான பூ வரைந்திருந்தால் அதன் மேல் வெள்ளைப் பெட்டி வந்து உட்காரும்.

இதெல்லாம் அளவு சார்ந்தது. விற்பது முன்னட்டை, அதையும் பேத்தி கைப்பேசியில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் பார்க்கிறாள். அட்டையை முடித்ததும் 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். `LARGE PRINT`, `WORD SEARCH`, தோட்டம் என்ற மூன்று செய்தியும் அந்த அளவில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் வாட்டர்கலர் பூக்கள் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. நான் முதலில் ஒன்பது பூ, ஒரு வண்ணத்துப்பூச்சி, ஒரு பூவாளி என்று திருவிழா தட்டி போல் அடைத்திருந்தேன். சுருக்கினால் காய்கறிக் கூட்டு மாதிரி இருந்தது. கடைசியில் ஒரே ஒரு சூரியகாந்தி, மேலே தடித்த எழுத்து. வண்ணம் தீட்டும் புத்தகமாக இருந்தால் இன்னொன்று: உள்ளே இருக்கும் படத்தில் ஒன்றையே வண்ணம் தீட்டி அட்டையில் வையுங்கள். அட்டையில் ஒரு பாணி, உள்ளே வேறு பாணி என்றால் வாங்கியவர் ஏமாந்ததாகத்தான் உணர்வார்.

இனி விவரங்கள் நிரப்பும் பக்கம். ஆரம்பத்தில் சொன்ன வேறுபாடு இங்கேதான் வருகிறது. `Low-content book` என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். வெறும் கோடும் கட்டமும் திரும்பத் திரும்ப வரும் நோட்டு, நாட்குறிப்பு போன்றவற்றுக்கு அது. அதை டிக் செய்தால் கே.டி.பி.யின் இலவச ஐ.எஸ்.பி.என்., அதாவது புத்தக அடையாள எண், கிடைக்காது, அந்த எண் இல்லாமலே வெளியிடலாம். நம் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கமும் வேறு புதிர், அதனால் டிக் செய்யவில்லை, இலவச எண்ணை எடுத்துக்கொண்டேன்.

தேடுசொல்லுக்கு ஏழு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 50 எழுத்து வரை. ஒரு பெட்டிக்கு ஒரு சொல் என்று ஏழு சொல்லோடு நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முழுச் சொற்றொடரே போடலாம். தலைப்பிலும் துணைத்தலைப்பிலும் ஏற்கெனவே இருக்கும் சொற்களை மீண்டும் போட்டு இடத்தை வீணாக்காதீர்கள், அவற்றைத் தேடுபொறி ஏற்கெனவே படித்துவிடும். என் தலைப்பில் தோட்டம், சொல் தேடல், பெரிய எழுத்து, முதியோர் எல்லாம் வந்துவிட்டன. அதனால் பெட்டிகளில் பாட்டியை விட்டுவிட்டுப் பேத்தியின் தலைக்குள் போனேன். அவள் என்ன தட்டுவாள்? `gifts for grandma who loves plants` என்று தட்டலாம். பாட்டி முதியோர் இல்லத்தில் இருந்தால் `nursing home activities`. அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார் என்றால் `retirement gift for gardener`. மூன்றிலும் புதிர் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். பரிசு தேடி வருகிறவருக்குச் சொல் தேடல் புத்தகம் என்று ஒன்று இருப்பது நினைவுக்குக்கூட வந்திருக்காது.

பெட்டிகளில் போடக் கூடாதவையும் உண்டு. `best seller`, `free` போன்றவை கூடாது. பிற எழுத்தாளர் பெயர், வணிகப் பெயர் கூடவே கூடாது. வணிகப் பெயரில் மாட்டிக்கொள்வது எளிது, ஏனென்றால் பொதுச்சொல் போலத் தோன்றுகிற பலவற்றை யாராவது பதிவு செய்து வைத்திருப்பார்கள். குழந்தை உடைக்கு எல்லோரும் சொல்லும் `onesie` கூட ஒரு நிறுவனத்தின் பதிவுபெற்ற பெயர். தலைப்பை முடிவு செய்யும் முன் அமெரிக்க வணிகக்குறி அலுவலகத்தின் இலவசத் தேடலில் சொற்றொடரைப் போட்டு, 16ஆம் வகுப்பில், அதாவது அச்சுப் பொருட்களில், உயிரோடு இருக்கும் பதிவு ஏதும் உண்டா என்று பாருங்கள். டி-ஷர்ட்டில் வரும் நகைச்சுவை வரிகளை அட்டையில் போடுகிற நோட்டுகள் பெரும்பாலும் இங்கேதான் அடிபடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரே உள்பக்கத்தை வைத்துக்கொண்டு ஐம்பது அட்டை மாற்றி ஐம்பது நோட்டுகள் போடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இணையத்தில் நிறைய. திரும்பத் திரும்ப ஒரே சரக்கைக் கொட்டினால் தளம் கணக்கையே முடக்கலாம். அப்படி முடக்கினால் நல்ல புத்தகமும் சேர்ந்தே போகும்.

வெளியிடும் முன் மாதிரிப் பிரதி ஒன்றை வரவழைக்கலாம், ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கூரியர் செலவு புத்தக விலையைத் தாண்டும். நான் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பத்துப் பக்கம் எடுத்துப் பார்க்கிறேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம், நம் பக்கம் 8.5. கடைக்காரர் வழக்கம்போல் `Fit` கொடுத்துவிட்டால் எல்லாம் சுருங்கிப்போகும், எழுத்தின் உண்மையான அளவு தெரியாது. ஏ3 தாளில் `Actual size` என்று எடுத்து ஓரத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்துத் தாளை ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டே செய்தார்கள். “எழுத்தெல்லாம் நல்லா இருக்கு தம்பி, ஆனா இந்த ஏழாவதுல டிரெல்லிஸ் எங்க?” என்று கேட்டார்கள். `TRELLIS` பட்டியலில் இருந்தது, கட்டத்தில் இல்லை. இடம் போதாமல் கருவி அந்தச் சொல்லை விட்டுவிட்டது, பட்டியலிலிருந்து நீக்க மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து 80 கட்டங்களையும் பட்டியலோடு ஒப்பிட ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். இன்னும் மூன்று புதிரில் இதே ஓட்டை இருந்தது.

வெளியான பிறகும் உள்பக்கக் கோப்பு, அட்டை, விலை, தேடுசொல் எல்லாவற்றையும் மாற்றலாம். தலைப்பு, பக்கத்தின் அளவு போன்ற சில மட்டும் பூட்டிக்கொள்ளும். என் புத்தகம் போட்ட பிறகு இதுவரை நான்கு முறை தேடுசொல்லை மாற்றியிருக்கிறேன். அன்னையர் தினம் வரும் மே மாதத்துக்கு முன் ஒரு பெட்டியில் அந்தச் சொல் ஏறும், முடிந்ததும் இறங்கும், அக்டோபர் கடைசியில் கிறிஸ்துமஸ் பரிசு ஏறும்.